ஐம்பது கிராம் களிம்பின் விலை

எங்கள் ரோஜாக் களிம்புக்கு முதன்முதலில் விலை வைத்தது எதிர்வீட்டுக்காரியின் முகம். இதை நான் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. அன்று அவள் எங்கள் பின்னறைக்குள் வந்து, சூடு ஆறாத களிம்பை விரலில் எடுத்துப் புறங்கையில் தடவி, முகர்ந்து பார்த்து, "எவ்வளவு?" என்று கேட்டாள். அதுவரை விலையைப் பற்றி நாங்கள் யாரும் முடிவாகப் பேசவில்லை. என் வீட்டுக்காரர் நூறு என்றிருந்தார். என் ஓரகத்தி எண்பதுக்கு மேல் யார் வாங்குவார்கள் என்று பயந்தாள். நான் குருட்டுத் தைரியத்தில், "நூத்தி இருபது" என்றேன். எதிர்வீட்டுக்காரி முகம் சுளிக்காமல் பர்ஸைத் திறந்தாள். அவ்வளவுதான். நாலு வருடம் அதுவே எங்கள் விலை.

ஓரகத்தி என்றால் என் கொழுந்தனின் மனைவி. வீட்டில் அவளுக்குச் சின்னவள் என்று பெயர். நான் பெரியவள். எனக்கும் அவளுக்கும் ஒன்பது வயது வித்தியாசம். ஒரே தெருவில் இரண்டு வீடு தள்ளி இருந்தோம். ஓரகத்திகள் ஒரே அறையில் நாலு வருடம் வேலை செய்து சண்டை போடாமல் இருந்தார்கள் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். சண்டை போட்டோம், தினமும் போட்டோம். ரேடியோவில் எந்த அலைவரிசை என்பதில் தொடங்கி, லேபிளில் பூ இடது பக்கமா வலது பக்கமா என்பது வரைக்கும். ஆனால் மாலையில் அறையைப் பூட்டும்போது யாருக்கும் எதுவும் ஞாபகம் இருக்காது.

அந்தப் பின்னறை முன்பு பழைய சைக்கிளும் உடைந்த நாற்காலிகளும் கிடந்த இடம். நாங்கள் சுண்ணாம்பு அடித்து, ஒரு நீளமான மேஜை போட்டு, சுவரில் இரண்டு தட்டு அறைந்தோம். மேல் தட்டில் காய்ந்த ரோஜா இதழ், சாமந்தி, எலுமிச்சைத் தோல், எல்லாம் கண்ணாடி ஜாடிகளில் எண்ணெயில் ஊறும். கீழ்த் தட்டில் தேன்மெழுகு பாளம் பாளமாக அடுக்கியிருக்கும். ரோஜாக் களிம்பு, கற்றாழை ஜெல், சாமந்தி சோப்பு, புதினா உதட்டுத் தைலம், ஆக நாலு சரக்கு. அதில் களிம்புதான் குதிரை. மற்ற மூன்றும் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு ஓடின.

சின்னவளுக்குக் கைப்பக்குவம் அப்படி. எண்ணெயும் மெழுகும் உருகிச் சேருகிற வேளையில் அவள் கரண்டியைத் தூக்கி ஒரு சொட்டைக் குளிர்ந்த தட்டில் விடுவாள். அது உறையும் விதத்தைப் பார்த்தே, "இன்னும் கொஞ்சம் மெழுகு வேணும் அக்கா" என்பாள். என்னிடம் வெப்பமானி இருந்தது. அவளுக்கு அது தேவைப்பட்டு நான் பார்த்ததில்லை. எனக்குக் கைப்பக்குவம் கிடையாது. கணக்கு உண்டு என்று ஒரு நினைப்பு உண்டு. கல்யாணத்துக்கு முன் ஒரு போக்குவரத்துக் கம்பெனியில் ஆறு வருடம் கணக்கெழுதியவள் நான். ஆகவே அவள் கிண்டினாள், நான் எழுதினேன். அவள் தலைமுடியில் நாள் முழுக்க ரோஜா வாசனை அடிக்கும். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள் என்று சிரிப்பாள். அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

இவ்வளவு நன்றாகப் போன காலத்தில்தான் கொழுந்தன் வேலை பார்த்த அச்சகத்தை மூடினார்கள். அவர்கள் மகள் அந்த வருடம் கல்லூரியில் சேர்ந்திருந்தாள். ஒரு திங்கட்கிழமை சின்னவள் கை கழுவிவிட்டு, இடுப்பில் செருகியிருந்த ஒரு கடிதத்தை எடுத்து மேஜைமேல் வைத்தாள். ஒரு மருந்துக் கம்பெனியின் பேக்கிங் பிரிவில் வேலை. மாதம் இருநூறு மணி நேரம், சம்பளம் பதினாறாயிரம், வருகிற ஒன்றாம் தேதி சேர வேண்டும்.

"போகணும்னு ஆசை இல்ல அக்கா. வீட்டுல வருமானம் நின்னு போச்சு. என்ன பண்ணச் சொல்றீங்க?"

அவள் இல்லாமல் அந்த அறையில் நான் என்ன செய்வேன்? ஜாடிகளோடு பேசிக்கொண்டிருப்பேனா? ஆனால் என் அதிர்ஷ்டம், அன்று காலைதான் ஒரு போன் வந்திருந்தது. பத்துப் பன்னிரண்டு கிளைகள் உள்ள ஒரு அழகு சாதனக் கடையின் கொள்முதல் மேனேஜர் எங்கள் களிம்பை எங்கேயோ பார்த்திருக்கிறார். மாதம் ஆயிரம் டப்பா எடுக்கலாம், வெள்ளிக்கிழமை விலைப்பட்டியலோடு வாருங்கள் என்றார்.

நான் உடனே மனக்கணக்குப் போட்டேன். ஒரு டப்பாக் களிம்புக்கு எண்ணெய், மெழுகு, பூ எல்லாம் சேர்த்து முப்பத்தெட்டு. டப்பாவும் மூடியும் பதினாலு. லேபிளும் அட்டைப்பெட்டியும் ஆறு. ஆக ஐம்பத்தெட்டு. மொத்தமாக எடுப்பதால் நூறுக்குக் கொடுத்தாலும் நாற்பத்திரண்டு நிற்கும். ஆயிரத்துக்கு நாற்பத்திரண்டாயிரம்.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுடி," என்றேன். "இந்த ஆர்டர் மட்டும் கிடைச்சுதுன்னா உனக்கு மாசம் இருபதாயிரம் நானே தர்றேன். அந்தக் கம்பெனியில போய் யாருக்கோ டப்பா ஒட்டணும்னு உனக்கு என்ன தலையெழுத்து?"

அவள் கடிதத்தை மடித்து மறுபடி இடுப்பில் செருகிக்கொண்டாள். "சரிக்கா," என்றாள். அவள் என்னை முழுசாக நம்பினாள்.

செவ்வாய்க்கிழமை காலை ஃபேன்சி ஸ்டோர்க்கார அம்மா வந்தார். கடைத்தெருவில் எங்கள் சரக்கை முதலில் தட்டில் வைத்தவர் அவர்தான். தொண்ணூற்றைந்துக்கு எடுத்து நூற்றிருபதுக்கு விற்பார். நல்ல மனுஷி, ஆனால் நாக்கு கத்தி. வந்தவர் உட்காரவில்லை. ஒரு பையை மேஜையில் கவிழ்த்தார். பதினாறு டப்பா உருண்டது.

"இதையெல்லாம் நீங்களே வச்சுக்கோங்க. என் கடையில நூத்தி இருபது. போன்ல தொண்ணூத்தி ஒன்பது. வர்றவ என் சாம்பிளைத் தடவிப் பார்த்து, என் ஃபேனுக்குக் கீழ நின்னு, போனை எடுத்து உங்ககிட்டயே ஆர்டர் போடுறா. நான் என்ன, உங்களுக்கு ஓசியில விளம்பரம் பண்றேனா?"

விஷயம் இதுதான். மூன்று மாதத்துக்கு முன் நான் களிம்பை ஒரு இணையச் சந்தையில் ஏற்றியிருந்தேன். யார் வேண்டுமானாலும் தன் சரக்கை அங்கே போடலாம், விற்றால் அவர்கள் கமிஷன் எடுத்துக்கொள்வார்கள். தள்ளுபடி வாரம் என்று ஒரு அறிவிப்பு வந்தது. விலையைக் குறைத்தால் முதல் பக்கத்தில் காட்டுவோம் என்றார்கள். நான் குறைத்தேன். ஆர்டர் மழையாகக் கொட்டியது. நானும் சின்னவளும் பார்சல் கட்டிக் கட்டி விரல் தேய்ந்து, அந்தச் சந்தோஷத்தில் ஒருநாள் ஐஸ்கிரீம்கூட வாங்கிச் சாப்பிட்டோம்.

"பெரிய கடைக்குக் கொடுக்கப் போறோம் அம்மா," என்று நான் சமாளித்தேன். "நூறு ரேட்டுக்குக் கேட்கலாம்னு இருக்கேன்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நூறா? கிளை வச்சிருக்கிறவங்க விக்கிற விலையில பாதிக்குத்தான் எடுப்பாங்க. வாடகை, ஏசி, நாலு பொண்ணுங்க சம்பளம், எல்லாம் அந்தப் பாதியிலதான் வரணும். உங்க நூத்தி இருபதுக்கு அறுபது தருவாங்க. நான் இருபத்தஞ்சு நிக்கிதேன்னு இத்தனை நாள் விட்டு வச்சது உங்க மூஞ்சிக்காக."

அவர் போன பிறகு நான் நோட்டை எடுத்தேன். அறுபதில் ஐம்பத்தெட்டு போனால் இரண்டு. ஆயிரம் டப்பாவுக்கு இரண்டாயிரம். சின்னவளுக்கு நான் சொன்ன இருபதாயிரம் எங்கே? ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். நான் அளக்காமல் வாக்கே கொடுத்துவிட்டேன்.

புதன்கிழமை முழுக்கக் கணக்கோடு உட்கார்ந்தேன். முதலில் இணையச் சந்தை அனுப்பிய கணக்கு அறிக்கைகளை அச்சடித்துப் பார்த்தேன். அதுவரை எத்தனை ஆர்டர் என்பதை மட்டும் பார்த்து மகிழ்ந்தவள் நான். தொண்ணூற்றொன்பதில் கமிஷன் பதினைந்து போனது. டப்பா சின்னதோ பெரியதோ, கூரியருக்கு முப்பத்தைந்து. முதல் பக்கத்தில் காட்டியதற்கு விளம்பரக் கட்டணம் பன்னிரண்டு. பார்சல் பெட்டிக்கு ஏழு. கைக்கு வந்தது முப்பது. ஐம்பத்தெட்டுக்குச் செய்த பொருளை முப்பதுக்கு விற்றிருக்கிறேன். விற்க விற்க நஷ்டம் கூடியிருக்கிறது. ஐஸ்கிரீம் வாங்கித் தின்றது அந்த நஷ்டத்தைக் கொண்டாடுவதற்காகத்தான் என்று நினைத்தபோது எனக்கு என்மேலேயே சிரிப்பு வந்தது.

பிறகு இன்னொன்று கண்ணில் பட்டது. ஒரு காய்ச்சலுக்கு, அதாவது ஒரு தடவை காய்ச்சி இறக்கினால், ஐந்து கிலோ களிம்பு. டப்பாவுக்கு ஐம்பது கிராம். நூறு டப்பா வர வேண்டும். நோட்டில் ஒவ்வொரு காய்ச்சலுக்கும் சின்னவள் எண்ணிச் சொல்லி நான் எழுதியிருந்தது எண்பத்தாறு, எண்பத்தைந்து, எண்பத்தாறு. நாலு வருடமாக அப்படித்தான். பாத்திரத்தில் ஒட்டிக்கொள்கிறது என்று நான் நினைத்திருந்தேன். ஆனால் எழுநூறு கிராம் பாத்திரத்தில் ஒட்டுமா? அது களிம்பா, கான்கிரீட்டா?

ஒவ்வொரு காய்ச்சலிலும் பதினாலு டப்பா எங்கே போகிறது? இதை எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன். கொழுந்தனுக்கு வேலை போனது, மகளின் கல்லூரி, இடுப்பில் செருகிய கடிதம், எல்லாம் ஒன்றாக என் மனதில் வந்து நின்றன. அச்சகம் மூடி இரண்டு மாதம்தான் ஆகிறது, நோட்டில் இருப்பது நாலு வருடத்து எண் என்பதைக்கூட நான் யோசிக்கவில்லை. அவள் வரும் நேரத்துக்குக் காத்திருந்து, முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு கேட்டேன்.

"நூறு வர வேண்டிய இடத்துல எண்பத்தாறுதான் வருது. மிச்சம் பதினாலு எங்க போகுது?"

அவளுக்கு நான் என்ன கேட்கிறேன் என்று புரிய ஒரு நொடி ஆனது. புரிந்ததும் அவள் அழவும் இல்லை, கோபப்படவும் இல்லை. தட்டிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தாள். தராசில் ஒரு காலி டப்பாவை மூடியோடு வைத்து எடையைப் பூஜ்ஜியமாக்கினாள். பிறகு நிறைந்த டப்பாவை வைத்தாள். ஐம்பத்தெட்டு கிராம். இன்னொன்றை வைத்தாள். அதுவும் ஐம்பத்தெட்டு. அவள் கை அவ்வளவு சுத்தமான கை. தவறுகூட ஒரே அளவில் இருந்தது.

"இது அறுபது கிராம் புடிக்கிற டப்பா அக்கா. ஐம்பது போட்டா மேல கொஞ்சம் காலியா தெரியும். மொத நாள் எதிர்வீட்டு அக்காவுக்குப் போடும்போது நீங்கதான் சொன்னீங்க, ததும்பத் ததும்பப் போடு, நம்மள அல்பம்னு நெனைக்கக் கூடாதுன்னு. அன்னையில இருந்து அப்படித்தான் போடுறேன்."

நான் சொன்னேன். சொன்னது நன்றாக ஞாபகம் வந்தது. முதல் வாடிக்கையாளரிடம் கௌரவம் பார்த்து நான் சொன்ன ஒரு வார்த்தையை அவள் நாலு வருடம் சட்டமாக வைத்திருந்தாள். அந்த நாலு வருடத்துக் கஞ்சத்தனமில்லாத கைக்கு நான் கொடுத்த பரிசு, திருட்டுப் பட்டம்.

"மன்னிச்சிருடி," என்றேன்.

"சரிக்கா," என்றாள். அதே சரிக்காதான். ஆனால் அன்று அவள் ரேடியோவைப் போடவில்லை.

வியாழக்கிழமை நான் கணக்கை ஆதியிலிருந்து போட்டேன். இந்தத் தடவை எதையும் விடக்கூடாது என்று வைராக்கியம். கரண்டும் காஸும் எழுதினேன். ஆய்வகப் பரிசோதனைக் கட்டணம், உரிமக் கட்டணம், சாம்பிளாகக் கொடுத்தது, உடைந்தது, அறைக்கு ஒரு வாடகை, எல்லாம் சேர்த்து ஒரு காய்ச்சலுக்கு எண்ணூறு. பிறகு அடுத்த வரியில் பேனா நின்றது. கூலி. நாலு வருட நோட்டில் அப்படி ஒரு வரியே கிடையாது. நம்ம கைதானே, நம்ம வீட்டு வேலைதானே என்று விட்டது.

சின்னவளின் ஒரு மணி நேரத்துக்கு என்ன விலை வைப்பது? யாரைக் கேட்பது? அப்போதுதான் அந்தக் கடிதம் ஞாபகம் வந்தது. இருநூறு மணி நேரம், பதினாறாயிரம். மணிக்கு எண்பது. முன்பின் தெரியாத ஒரு கம்பெனி அவள் கைக்கு விலை போட்டிருக்கிறது, நான் போடவில்லை. பூ பொறுக்குவதிலிருந்து அட்டைப்பெட்டி மடிப்பது வரை ஒரு காய்ச்சலுக்கு அவளுக்கு இருபது மணி நேரம் ஆகும். கூலி ஆயிரத்து அறுநூறு. ததும்ப நிரப்பிய எண்பத்தாறு டப்பாவில் எல்லாச் செலவையும் பிரித்தால், ஒரு டப்பா உண்மையில் தொண்ணூற்றிரண்டு ஆகிறது. சரியாக ஐம்பது கிராம் நிரப்பி நூறு டப்பா எடுத்தால் எண்பத்திரண்டு. நான் நாலு வருடமாக ஐம்பத்தெட்டு என்று ஜபம் பண்ணிக்கொண்டிருந்தேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். என் கணக்குப் பிள்ளைப் புத்தி விடவில்லை. நாலு வருடத்தில் நூற்று நாற்பது காய்ச்சல் போட்டிருக்கிறோம். ஒவ்வொன்றுக்கும் ஆயிரத்து அறுநூறு. இரண்டு லட்சத்து இருபத்து நாலாயிரம். நோட்டின் கடைசிப் பக்கத்தில், எல்லாச் செலவும் போக லாபம் என்று நான் பெருமையாகக் கோடிட்டு வைத்திருந்தது இரண்டு லட்சத்துப் பத்தாயிரம். இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தேன். நான் லாபம் என்று சொல்லிக்கொண்ட அத்தனையும் அவள் கூலி. அது போதாமல் இன்னும் பதினாலாயிரம் பாக்கி.

வேண்டும்போது எடுத்துக்கொள்வோம் என்பதுதான் எங்களுக்குள் பேச்சு. அவள் நாலைந்து தடவை மகளின் புத்தகத்துக்கும் செருப்புக்கும் எடுத்திருப்பாள். மீதியில் என் வீட்டு மாடிக்குத் தளம் போட்டோம். தளம் போட்ட அன்று அவள்தான் எல்லோருக்கும் டீ போட்டுக் கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை மேனேஜர் அறைக்கு நான் மட்டும் போனேன். கண்ணாடி மேஜை. அதன்மேல் வேறு யாரோ கொண்டுவந்த சோப்புகள் வரிசையாக இருந்தன. அவர் என் காகிதத்தைப் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"கடை விலை இருநூத்தி எழுபதா? நேத்து வரைக்கும் நூத்தி இருபது. ஆன்லைன்ல தொண்ணூத்தி ஒன்பது."

"அது எனக்குக் கணக்குத் தெரியாம வச்ச விலை சார். இது தெரிஞ்சு வச்ச விலை. இதுல செய்யுறவங்களுக்குக் கூலி இருக்கு. அதைக் குறைச்சு என்னால பேச முடியாது."

"மொத்த விலை?"

"பாதிதான். நூத்தி முப்பத்தஞ்சு. முன்னூறு டப்பாவுக்குக் குறையாம எடுத்தா. சின்னக் கடைங்களுக்கு நூத்தி அறுபத்திரண்டு. எனக்கு எண்பத்திரண்டு அடக்கம். மறைக்க ஒன்னும் இல்ல."

அடக்க விலையை வியாபாரி யாராவது வாயால் சொல்வார்களா? நான் சொன்னேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்ப ஒன்னுக்கு அம்பத்திமூணு நிக்கிது உங்களுக்கு. நூத்துக்கு முப்பத்தொம்பது. பரவாயில்ல, நல்லாத்தான் கத்துக்கிட்டிருக்கீங்க. ஆன்லைன்ல மறுபடி குறைச்சு வித்தீங்கன்னா?"

"எங்க வித்தாலும் ஒரே விலை சார். ஆன்லைன்ல இனி ஒத்தை டப்பா கிடையாது. ரெண்டு சேர்ந்த பெட்டி, ஐந்நூத்தி நாற்பது. ஒரு கூரியர் செலவுல ரெண்டு போகும்." அந்தக் கணக்கையும் போட்டு வைத்திருந்தேன். கமிஷன் எண்பத்தொன்று, கூரியர் நாற்பது, விளம்பரம் இருபத்தைந்து, பெட்டி ஒன்பது. மீதி முந்நூற்று எண்பத்தைந்தில் இரண்டு டப்பா அடக்கம் நூற்று அறுபத்து நாலு போனால், இருநூற்று இருபத்தொன்று கையில் நிற்கும்.

அவர் யோசித்தார். ஆயிரம் முடியாது என்றார். இந்த விலைக்கு எத்தனை நகரும் என்று தெரியாது, மூன்று மாதத்துக்கு மாதம் முந்நூறு எடுத்துப் பார்க்கலாம் என்றார். நான் கையெழுத்துப் போட்டேன். திரும்பி வரும் வழியில் ஃபேன்சி ஸ்டோரில் இறங்கி, புது விலையையும் ஒரே விலை என்ற வாக்கையும் சொன்னேன். அந்த அம்மா விலையைக் கேட்டு வாயைப் பிளந்தார். பிறகு ஒரு டப்பாவில் எவ்வளவு தனக்கு நிற்கும் என்று விரல் விட்டு எண்ணினார். நூற்றெட்டு. வாய் மூடிக்கொண்டது. பன்னிரண்டு டப்பா அனுப்பச் சொன்னார்.

பின்னறைக்கு வந்தபோது சின்னவள் சாமந்தி உதிர்த்துக்கொண்டிருந்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். முந்நூறு டப்பா பெரிய கடைக்கு, மற்றது எல்லாம் சேர்த்து இன்னும் இருநூறு. மாதம் ஐந்நூறு டப்பா, ஐந்து காய்ச்சல், நூறு மணி நேரம். அவள் கூலி எண்ணாயிரம். இருபதாயிரம் என்று சொன்ன வாயால் எண்ணாயிரம் என்று சொல்ல எனக்கு நாக்குக் கூசியது.

"மீதியை லாபத்துல இருந்து தர்றேன். பாதிப் பங்கு உனக்குத்தான். எழுதியே தர்றேன்."

"மூணு மாசம் கழிச்சு அவங்க எடுக்கலைன்னா?"

அவள் கையில் ஒட்டியிருந்த இதழ்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் போட்டாள்.

"நான் வேலைக்குப் போறேன் அக்கா. நீங்க திருட்டுப் பட்டம் கட்டுனதால இல்ல. அது அன்னைக்கே போச்சு. இங்க எனக்கு நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா மாசம் பொறந்தா கையில விழுற காசு வேணும். போன வருஷம் இந்தக் கணக்கைப் போட்டிருந்தீங்கன்னா, இந்நேரம் நாம அந்த ஆயிரம் டப்பாவுக்கு வந்திருப்போம்."

பழைய கூலிக் கணக்கை எழுதிய தாளை நான் அவள் முன்னால் வைத்தேன். அவள் அந்த எண்ணைப் பார்த்தாள். பிறகு, "பாப்பா காலேஜ் ஃபீஸைக் கட்டிருங்க," என்றாள். அவ்வளவுதான் கேட்டாள். நான் கட்டினேன். மூன்று வருடமும் ஒவ்வொரு பருவத்துக்கும் கட்டினேன். சொந்தக்காரர்கள் அதைப் பெரிய உதவி என்று பேசினார்கள். அது உதவி இல்லை என்று நான் ஒவ்வொருவரிடமும் சொல்லியிருக்கிறேன், யாரும் நம்பவில்லை.

விலை ஏறியதும் எதிர்வீட்டுக்காரி ஆறு மாதம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு ஒருநாள் வந்து வாங்கிப் போனாள். நான் அவள் முகத்தைப் பார்த்து விலை சொல்வதை நிறுத்தியிருந்தேன். மூன்று மாதம் முடிந்து அந்தக் கடைக்காரர்கள் ஐந்நூறு கேட்டார்கள். அடுத்த வருடம் ஆயிரம் கேட்டார்கள். இப்போது நாங்கள் இரண்டு அறை. சின்னவள் அந்த மருந்துக் கம்பெனியில் மேற்பார்வையாளர். விடுமுறை நாளில் வந்தால் ஜாடிகளைத் திறந்து முகர்ந்து பார்ப்பாள், மெழுகு கூடிப்போச்சு என்று குறை சொல்வாள். அவள் தலையில் இப்போது ரோஜா வாசனை இல்லை, ஏதோ ஷாம்பு வாசனை. அவள் போன பிறகு அவளுடைய பழைய நாற்காலியில் கொஞ்ச நேரம் நான் உட்கார்ந்திருப்பேன். அந்த நாலு வருடத்தை யாராவது திருப்பிக் கொடுத்தால், இன்றைய இரண்டு அறையையும் அப்படியே கொடுத்துவிடுவேன். அவ்வளவு நன்றாக இருந்தது அது. அவளுக்கும் நன்றாக இருந்ததாகத்தான் சொல்கிறாள்.

அவள் மருந்துக் கம்பெனியில் சேர்ந்த மாதமே அவள் இடத்துக்கு ஆள் தேட வேண்டியதாயிற்று. முதலில் வந்தவள் நடுவயதுப் பெண். முன்பு ஒரு பேக்கரியில் வேலை பார்த்தவள். நான் நாற்காலியைக் காட்டினேன். அவள் உட்காருவதற்கு முன்பே, பையைத் தோளிலிருந்து இறக்காமல் கேட்டாள்.

"சம்பளம் எவ்வளவு மேடம்?"

"மணிக்கு எண்பது. அஞ்சாம் தேதிக்குள்ள கொடுத்துருவேன்," என்றேன். யோசிக்கவே இல்லை. தாளில் அந்த வரி இருந்தது, வாய் படித்தது. அவள் சரி என்று உட்கார்ந்தாள். அன்றிலிருந்து ஒரு மாதம்கூட நான் தவறியதில்லை. முகம் தெரியாத ஒருத்தி வாசலில் நின்று கேட்டவுடன் கொடுத்துவிட்டேன். சின்னவள் நாலு வருடம் என் பக்கத்தில் நின்று கிண்டினாள், ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. அவள் கேட்கவில்லை என்பதால்தான் நான் கொடுக்கவில்லை.